என் கணக்கும் அவர்கள் கணக்கும்



2024 டிசம்பர் மூன்றாம் வாரம். மக்ரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் அந்தக் குறுஞ்செய்தி வந்தது. 2023-24 நிதியாண்டுக்கு நான் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்குக்கும், என்னைப் பற்றி மற்றவர்கள் துறைக்குத் தெரிவித்திருக்கும் தகவல்களுக்கும் வேறுபாடு இருப்பதாக அது சொன்னது. மின்னஞ்சலிலும் அதே செய்தி வந்திருந்தது. ஒரு பொய்யும் சொல்லவில்லை என்ற நம்பிக்கையில் இருந்தவனுக்கு முதலில் வந்தது அச்சமன்று, கோபம்.

வீட்டுக்கு வந்து மேலப்பாளையத்திலிருக்கும் மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். உம்மாவின் தம்பியான அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கெழுதியவர். "செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொட்டாயா தம்பி?" என்பதே அவருடைய முதற்கேள்வி. இல்லை என்றதும், "நல்லது. தொடாதே. இந்த மாதம் உண்மையான செய்தியும் வரும், அதே உடையில் திருடனும் வருவான். நீயே முகவரியைத் தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பார். அங்கே இருந்தால் அது உண்மை. இல்லையென்றால் இன்றிரவு நிம்மதியாகத் தூங்கு" என்றார்.

அவ்வாறே incometax.gov.in என்று நானே தட்டச்சு செய்து உள்ளே நுழைந்தேன். துறையின் முறையான நோட்டீஸ் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆவண அடையாள எண் உண்டு. உள்நுழையாமலேயே அந்த எண்ணைக் கொடுத்து, நோட்டீஸ் உண்மையானதா என்று பார்க்கும் வசதி அந்தத் தளத்தின் முதற்பக்கத்திலேயே இருக்கிறது. எனக்கு வந்தது அத்தகைய நோட்டீஸ் அன்று. Pending Actions என்ற பகுதியில் e-Proceedings பக்கம் காலியாக இருந்தது. அங்கிருந்து இணக்கத் தளத்துக்குச் சென்று e-Campaign பகுதியைத் திறந்தபோது என் பெயரில் ஒரு பதிவு காத்திருந்தது.

இந்த வேறுபாட்டைச் சற்று விளக்குவது நல்லது. துறையிடமிருந்து எது வந்தாலும் எல்லோரும் அதை நோட்டீஸ் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் தாளில் ஒரு பிரிவு எண் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 139(9) என்றிருந்தால் கணக்கில் குறைபாடு இருக்கிறது என்று பொருள். சரிசெய்யப் பதினைந்து நாள் அவகாசம். 143(1)(a) என்றிருந்தால் உங்கள் கணக்கில் அவர்கள் ஒரு திருத்தம் செய்ய உத்தேசித்திருக்கிறார்கள் என்று பொருள். மறுமொழி சொல்ல முப்பது நாள். 148A என்றிருந்தால் விடுபட்ட வருமானத்துக்காக அந்த ஆண்டின் கணக்கையே மறுபடியும் திறக்கப் போகிறார்கள். அப்போது தணிக்கையாளர் இல்லாமல் ஓர் எழுத்தும் எழுதக் கூடாது. (2026 ஏப்ரல் முதல் புதிய சட்டத்தில் இந்த எண்கள் மாறுகின்றன, பழைய ஆண்டுகளுக்கான கடிதங்களில் பழைய எண்களே தொடரும்.) எனக்கு வந்ததில் எந்தப் பிரிவு எண்ணும் இல்லை. மத்திய நேரடி வரிகள் வாரியம் அந்த டிசம்பரில், வேறுபாடு காணப்பட்ட பலருக்கும் ஒருசேர அனுப்பிய நினைவூட்டல் அது. "எங்களிடம் இவ்வளவு தகவல் இருக்கிறது, நீங்கள் இவ்வளவுதான் சொல்லியிருக்கிறீர்கள், பாருங்கள்" என்பதே அதன் சாரம். தவறிருந்தால் தானாக முன்வந்து திருத்திக்கொள்ள அது ஒரு வாய்ப்பு. அந்த ஆண்டுக்கான கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்ய டிசம்பர் 31 கடைசி நாள். கையில் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

பதிவைத் திறந்தேன். சம்பளம் என்ற வரிசையில் அவர்கள் காட்டியது 8,10,000 ரூபாய், நான் காட்டியது 4,80,000. வட்டி என்ற வரிசையில் அவர்கள் காட்டியது 20,400, நான் காட்டியது ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்தால் 3,50,400 ரூபாய் வேறுபாடு. பின்னால் நின்று பார்த்த என் மனைவி, "மூன்றரை லட்சம் கட்டச் சொல்கிறார்களா?" என்று கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நானும் ஒரு கணம் அப்படித்தான் படித்தேன். அது வரித் தொகையன்று, வருமானத்தில் உள்ள வேறுபாடு; அதற்குரிய வரி அதில் ஒரு சிறு பங்கே. பதற்றத்தில் படிக்கும்போது கண் எண்ணைப் பார்க்கிறது, அதன் தலைப்பைப் பார்ப்பதில்லை.

மாமா மறுநாள் சொன்ன வேலை எளியது. "தளத்தில் உன் ஏ.ஐ.எஸ். இருக்கிறது, ஆண்டுத் தகவல் அறிக்கை. அதை இறக்கிக்கொள். உன் பான் எண்ணை வைத்து யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பது வரிவரியாக இருக்கும். ஒரு தாளில் மூன்று பத்தி போடு. அவர்கள் சொன்னது, நீ கணக்கில் காட்டியது, உன் கையில் ஆதாரம் காட்டுவது. மூன்றாவது பத்தியை நிரப்பாமல் எந்தப் பொத்தானையும் அழுத்தாதே. 'சரி' என்றும் அழுத்தாதே, 'தவறு' என்றும் அழுத்தாதே."

அந்த மூன்றாவது பத்திதான் எனக்குப் பாடமாக அமைந்தது. ஏனெனில் ஏ.ஐ.எஸ். அறிக்கையில் எனக்கு எதிராக இருந்தவை மூன்றே பதிவுகள். மூன்றும் மூன்று விதம். ஒன்றில் நான் முழுத் தவறு. ஒன்றில் நான் தவறென்றே நினைக்காத தவறு. ஒன்றில் அவர்களிடம் இருக்கும் தகவலே என்னைப் பற்றியது அன்று. மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தால் எப்படிச் சொன்னாலும் பொய்யாகியிருக்கும்.

முதற்பதிவு சம்பளம். 2023 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அலுவலகத்தில் மாதம் 55,000 ரூபாய்க்கு வேலை பார்த்தேன். அக்டோபரில் இப்போதிருக்கும் இடத்துக்கு 80,000 ரூபாய்க்கு மாறினேன். ஆறு மாதத்துக்கு 3,30,000, பின் ஆறு மாதத்துக்கு 4,80,000. மறு ஆண்டு ஜூலையில் கணினி மையத்தில் கணக்குத் தாக்கல் செய்யக் கொடுத்தபோது புதிய அலுவலகத்தின் படிவம் 16ஐ மட்டும் கொடுத்தேன். பழைய அலுவலகம் அனுப்பிய படிவம் நான் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சலில் கிடந்தது. இரண்டு இடத்திலும் வரிப் பிடித்தம் எதுவும் இல்லாததால், வரி கட்ட வேண்டிய அளவுக்கு எனக்கு வருமானம் இல்லை என்றே எண்ணியிருந்தேன்.

ஏன் பிடிக்கவில்லை என்பதை மாமா விளக்கியபோதுதான் விவரம் புரிந்தது. அந்த ஆண்டில் புதிய வரி முறையில், வரிக்குட்பட்ட வருமானம் ஏழு லட்சத்தைத் தாண்டாதவரை 87A பிரிவின் தள்ளுபடியால் வரி ஒன்றும் வராது. பழைய அலுவலகம் என் ஆண்டுச் சம்பளம் 6,60,000 என்று கணக்கிட்டது; நிலையான கழிவு 50,000 போனால் ஏழு லட்சத்துக்குள். புதிய அலுவலகம் அந்த ஆண்டில் தான் கொடுக்கப் போகும் 4,80,000ஐ மட்டும் பார்த்தது. அதுவும் ஏழு லட்சத்துக்குள். இரண்டு பேரும் ஒரே தள்ளுபடியையும் ஒரே கழிவையும் எனக்குத் தனித்தனியே கொடுத்துவிட்டார்கள். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. தெரிவிக்க வேண்டியவன் நான். அதற்கென்றே அப்போது படிவம் 12B இருந்தது. ஆண்டின் நடுவில் வேலை மாறுகிறவர், முந்தைய இடத்தில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் அதில் எழுதிப் புதிய முதலாளியிடம் கொடுத்தால், அவர் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு மீதி மாதங்களில் பிடித்துக்கொள்வார். புதிய இடத்தில் சேர்ந்த நாளில் என்னிடம் நீட்டப்பட்ட காகிதக் கட்டில் அதுவும் இருந்திருக்க வேண்டும். எதற்கு என்று கேட்காமல் விட்டிருக்கிறேன். மூன்றாவது பத்தியில் "அவர்கள் சொல்வது சரி" என்று எழுதினேன்.

இரண்டாம் பதிவைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன் என்று சொல்லலாம். சம்பளம் விழும் சேமிப்புக் கணக்கில் வங்கி அந்த ஆண்டு வரவு வைத்த வட்டி 6,240 ரூபாய். நம் வீடுகளில் பலர் செய்வதைத்தான் நானும் செய்து வந்தேன். வட்டி வரவு விழுந்ததும் அதைக் குறித்துக்கொள்வேன். நன்மையை நாடாமல், அதைக் கையை விட்டுக் கழிக்கும் எண்ணத்தில், தேவையுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன். அந்த 6,240 ரூபாயில் ஒரு காசும் என் வீட்டுச் சமையலறைக்குள் வரவில்லை. ஆகவே அது என் வருமானம் என்ற எண்ணமே எனக்குத் தோன்றியதில்லை. கணினி மையத்தில் இருந்த இளைஞர், "வட்டி ஏதும் உண்டா சார்?" என்று கேட்டது நினைவிருக்கிறது. "நாங்கள் வட்டி வாங்குவதில்லை தம்பி" என்று பெருமையோடு சொன்னதும் நினைவிருக்கிறது.

மாமாவிடம் இதைச் சொன்னபோது சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நீ வாங்கவில்லை, சரி. ஆனால் உனக்கு வந்தது. வங்கி உன் கணக்கில் வைத்தது, நீ எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தாய். உன் கையில் வராத ஒன்றை நீ எப்படிக் கொடுத்திருக்க முடியும்?" என்றார்.

சட்டம் பார்ப்பது அவ்வளவைத்தான். வட்டி உங்கள் கணக்கில் சேர்ந்ததா என்பதே கேள்வி. அதை நீங்கள் செலவழித்தீர்களா, தானமாகக் கொடுத்தீர்களா, தொடாமல் வைத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்து வரி மாறுவதில்லை. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் சேமிப்புக் கணக்கு வட்டியில் பத்தாயிரம் ரூபாய் வரை 80TTA பிரிவின்கீழ் கழித்துக்கொள்ளலாம். அப்போதும் முதலில் வருமானமாகக் காட்டிவிட்டுத்தான் கழிக்க வேண்டும். நான் இருந்த புதிய முறையில் அந்தக் கழிவு கிடையாது. இன்னொன்றும் உண்டு. வங்கிகள் இந்த வட்டியை ஆண்டுதோறும் துறைக்குத் தெரிவிக்கின்றன. நூறு ரூபாயும் அதில் வந்துவிடுகிறது. "நாங்கள் வட்டி வாங்குவதில்லை" என்ற சொல்லும், வங்கி அனுப்பிய பட்டியலும் அங்கே ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்கும்.

இதைப் பற்றி எங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடமும் கேட்டேன். அந்தப் பணத்தைக் கழிப்பது ஒரு விஷயம், அது வந்ததா என்று கேட்டால் உள்ளபடி சொல்வது வேறொரு விஷயம் என்றார். அதற்குரிய வரியை எந்தப் பணத்திலிருந்து கட்டுவது என்பதில் ஆலிம்களிடையே பல கருத்துகள் இருக்கின்றன. அவரவர் தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே முறை. என்னைப் பொறுத்தவரை கேள்வியே எழவில்லை. 6,240 ரூபாயும் எப்போதோ கொடுத்து முடிந்துவிட்டது. அதற்கு வந்த வரி ஏறத்தாழ 650 ரூபாய். சம்பளத்திலிருந்து கட்டினேன்.

மூன்றாம் பதிவு 14,160 ரூபாய், வைப்புத்தொகை வட்டி என்று இருந்தது. என் வாழ்நாளில் நான் வைப்புத்தொகை போட்டதில்லை. அதை முற்றிலும் தவறு என்று சொல்லி மறுத்துவிடத் துடித்தேன். மாமாதான், "வங்கிக் கணக்கு எண்ணைப் பார்" என்றார். பார்த்தால் அது நானும் உம்மாவும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு. வாப்பா வஃபாத்தான பிறகு, பாகப் பிரிவினையில் உம்மாவுக்கு வந்த எட்டில் ஒரு பங்கை ஹஜ்ஜுக்கென்று அதில் போட்டு வைத்திருந்தோம். நான்கு லட்சம் ரூபாய். உம்மாவுக்கு வங்கிச் செயலியெல்லாம் பழக்கமில்லை என்பதால் கணக்கில் முதல் பெயர் என்னுடையது. அந்தக் கணக்கில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருப்பு இருந்தால், மிகுதியை வங்கி தானாகவே வைப்புத்தொகையாக மாற்றிவிடும் ஏற்பாடு இருந்திருக்கிறது. கணக்குத் தொடங்கும்போது கையெழுத்திட்ட ஏதோ ஒரு கட்டத்தில் அதற்கும் சம்மதித்திருக்கிறேன். ஏழு மாதம் நான்கு லட்சம் அப்படிக் கிடந்ததில் சேர்ந்ததுதான் அந்த வட்டி. கூட்டுக் கணக்கில் வங்கி முதல் பெயருக்குரிய பான் எண்ணில்தான் தகவல் அனுப்பும். பணம் யாருடையது என்பது வங்கிக்குத் தெரியாது.

இங்கே மச்சான், அதாவது என் ராத்தாவின் கணவர், ஒரு யோசனை சொன்னார். "இதற்கும் சேர்த்துக் கட்டினால் என்ன வந்துவிடப் போகிறது? ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம்." கணக்குப் போட்டால் 1,470 ரூபாய்தான் வந்தது. நானும் ஒத்துக்கொள்ளும் நிலையில் இருந்தேன். மறுத்தவர் மாமா. "கணக்கின் அடியில், இதிலுள்ளவை உண்மை என்று உறுதி சொல்லிக் கையெழுத்திடுகிறாய். உம்மாவின் பணத்துக்கு வந்த வட்டியை உன் வருமானம் என்று எழுதினால், அந்த நான்கு லட்சம் உன்னுடையது என்று எழுதிக் கொடுத்ததாக ஆகும். நாளை உம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால், அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், அந்தப் பணத்தில் உன் ராத்தாவுக்கும் பங்கு உண்டா இல்லையா? அப்போது உன் வரிக் கணக்கே உன் ராத்தாவுக்கு எதிராகப் பேசும்." மச்சான் அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வரியைக் குறைத்துக் காட்டுவது மட்டுமே தவறு என்று நினைத்திருந்தேன். இல்லாததைக் கூட்டிக் காட்டுவதும் ஒருவருடைய உரிமையைத் தொடும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஏ.ஐ.எஸ். அறிக்கையில் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே நம் கருத்தைத் தெரிவிக்கும் வசதி இருக்கிறது. தகவல் சரி, முழுமையாகச் சரியில்லை, ஒரே தகவல் இரு முறை வந்திருக்கிறது, முற்றிலும் மறுக்கிறேன் என்று பல தெரிவுகள். என் நிலைக்குப் பொருந்தியது Information relates to other PAN/Year என்பது. அதைத் தேர்ந்தெடுத்து உம்மாவின் பான் எண்ணைக் கொடுத்தேன். கோபத்தில் 'மறுக்கிறேன்' என்று அழுத்தியிருந்தால், என் பெயரிலேயே இருக்கும் கணக்கை இல்லை என்று சொன்னதாகியிருக்கும். உம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை. அந்த 14,160 ரூபாய் வரிவிலக்கு எல்லைக்கு வெகு கீழே. ஆகவே அவர்களுக்கு வரி எதுவும் எழவில்லை. ஆனால் பணம் அவர்களுடையது என்பதற்கு ஆதாரம்? வாப்பாவின் கணக்கை முடித்தபோது தொகை உம்மாவின் கணக்குக்குப் போனதும், அங்கிருந்து கூட்டுக் கணக்குக்கு வந்ததும் வங்கி அறிக்கைகளில் இருந்தன. அவற்றின் நகல்களை எடுத்துக்கொண்டேன். எங்களுக்குள் எழுதி வைத்த ஒரு தாள்கூட இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்று சிறு பிள்ளைகளுக்கு மத்ரஸாவில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பத்திகள் நிரம்பிவிட்டன. இனி வரியைக் கணக்கிட வேண்டியதுதான். சம்பளம் இரண்டும் சேர்ந்து 8,10,000, நிலையான கழிவு 50,000 ஒரு முறை மட்டும், மீதி 7,60,000. அதோடு என் சேமிப்பு வட்டி 6,240 சேர்ந்து 7,66,240. அந்த ஆண்டின் புதிய முறையில் முதல் மூன்று லட்சத்துக்கு வரியில்லை, அடுத்த மூன்று லட்சத்துக்கு ஐந்து சதவீதம், அதற்கு மேல் ஒன்பது லட்சம் வரை பத்து சதவீதம். ஆக 15,000மும் 16,624மும் சேர்ந்து 31,624. ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி இல்லை. நான்கு சதவீத மேல்வரியோடு ஏறத்தாழ 32,890. முன்கூட்டியே கட்ட வேண்டிய வரியைக் கட்டாததற்கு 234B, 234C பிரிவுகளின்படி ஏறத்தாழ 4,600 ரூபாய் வந்தது. எல்லாம் சேர்ந்து சுமார் 37,500 ரூபாய். அந்த 4,600க்கும் சட்டம் வட்டி என்றே பெயர் வைத்திருக்கிறது. அதைப் பார்த்து உம்மா, "வட்டியை விட்டு ஓடியவனை அது எப்படிச் சுற்றி வந்து பிடித்தது பார்" என்றார்கள்.

தொகை சிறிதன்று. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததிலிருந்து எடுத்தேன். ஜனவரி வரை தள்ளிப் போடலாமா என்ற எண்ணம் வந்தபோது மாமா இன்னொரு கணக்கைச் சொன்னார். டிசம்பர் 31க்குள் திருத்திய கணக்கு, அதாவது 139(5) பிரிவின்கீழ் தாக்கல் செய்தால், வரியும் இந்த வட்டியும் மட்டுமே. அதைத் தவறவிட்டால் புதுப்பித்த கணக்கு என்று வேறொரு வழி உண்டு. அதில் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் இருபத்தைந்து சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். எனக்கு அது 9,300 ரூபாய்க்கு மேல் வரும். ஓராண்டு தாண்டினால் ஐம்பது சதவீதம். பிறகு 2025இல் அந்த அவகாசத்தை நான்கு ஆண்டுகளாக நீட்டினார்கள். ஆனால் மூன்றாம் ஆண்டில் அறுபது, நான்காம் ஆண்டில் எழுபது என்று விகிதமும் ஏறியது. எதுவும் செய்யாமல் விட்டு, அவர்களே கண்டுபிடித்து நடவடிக்கை எடுத்தால், குறைத்துக் காட்டிய வருமானத்துக்குரிய வரியில் பாதி அபராதம். தவறாகக் காட்டியதாக முடிவானால் அதே வரியைப் போல இரு மடங்கு அபராதம். (அந்த டிசம்பர் 31 அன்றே திருத்தத்துக்கான கடைசி நாளை ஜனவரி 15 வரை நீட்டினார்கள். அதற்குள் நான் முடித்துவிட்டேன். நீட்டுவார்கள் என்று நம்பிக் காத்திருக்கச் சொல்லி யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.)

டிசம்பர் 26 அன்று பணத்தைக் கட்டினேன். தளத்திலேயே e-Pay Tax என்ற இடத்தில், தானே கணக்கிட்டுச் செலுத்தும் வரி, குறியீடு 300. அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நமக்குத் தெரிந்தது 2023-24 என்ற நிதியாண்டு. அவர்கள் கேட்பது அதற்கு அடுத்த மதிப்பீட்டு ஆண்டு, 2024-25. பழக்கத்தில் முன்னதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பணம் வேறோர் ஆண்டின் பெயரில் போய் விழும். திருத்தச் செலானுக்கு அலைய வேண்டும். மாமா தொலைபேசியில் இருந்தபடியே, "வாசித்துக் காட்டு, பிறகு அழுத்து" என்று மூன்று முறை சொன்னார்.

மறுநாள் திருத்திய கணக்கு. விடுபட்டதை மட்டும் எழுதி அனுப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன், அப்படியன்று. முழுக் கணக்கையும் புதிதாக நிரப்ப வேண்டும், ஏனெனில் இது பழையதன் இடத்தில் வந்து அமர்கிறது. பழைய கணக்கின் ஒப்புகை எண்ணும் நாளும் கேட்பார்கள். கட்டிய வரியின் செலான் எண்ணைக் குறிக்க வேண்டும். இறுதியில் ஆதார் எண்ணுக்கு வரும் கடவுச்சொல்லைக் கொண்டு சரிபார்ப்புச் செய்ய வேண்டும். முப்பது நாளுக்குள் அதைச் செய்ய வேண்டும், செய்யாமலே விட்டால் கணக்கே தாக்கல் ஆகாததாகக் கொள்ளப்படும். இஷாவுக்கு முன் எல்லாம் முடிந்தது. e-Campaign பதிவுக்கும் போய், திருத்திய கணக்குத் தாக்கல் செய்திருப்பதைத் தெரிவித்தேன்.

பிப்ரவரியில் கணக்கை ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். மேற்கொண்டு கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. உம்மாவின் 14,160 மட்டும் அவ்வளவு எளிதாக முடியவில்லை. நாம் தெரிவிக்கும் கருத்தைத் துறை, தகவல் தந்தவரிடமே உறுதிப்படுத்தக் கேட்கிறது; தான் அனுப்பியது சரியே என்று வங்கி பதில் சொல்லிவிட்டது. முதல் பெயர் என்னுடையது என்ற அளவில் வங்கி சொன்னதும் பொய்யன்று. ஆகவே நாளை யாராவது கேட்டால் காட்டுவதற்கு வங்கி அறிக்கைகளின் நகல்களை ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

வங்கிக்குப் போய் அந்தத் தானியங்கி ஏற்பாட்டை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். உம்மாவின் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி ஹஜ்ஜுப் பணத்தை அதற்கு மாற்றினோம். அன்று மாலை உம்மா ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். எந்தத் தொகை யாருடையது, எந்த நாளில் எங்கிருந்து எங்கே போனது என்று என்னை எழுத வைத்து, ராத்தாவையும் மச்சானையும் சாட்சியாகக் கையெழுத்திடச் சொல்லி, கடைசியில் தாமும் மெதுவாக, எழுத்துக்கூட்டிக் கையெழுத்திட்டார்கள். நோட்டு இப்போது உம்மாவின் பீரோவில், ஹஜ் விண்ணப்பத்தின் நகலோடு இருக்கிறது.